"சரிங்க, பார்க்கலாம்" என்றது "ஒப்புக்கொள்ளப்பட்டது" ஆகிவிட்டதா?

வக்கீல் அம்மாவுக்கு வணக்கங்க. ஆனைமலைப் பக்கம் தோப்பும் மஞ்சி மில்லும் வைத்திருக்கிறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால், கோவையில் ஏற்றுமதி செய்யும் என் மச்சானோடு சேர்ந்து தேங்காய்நார்ப் பித் கட்டி தயாரிக்க ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தோம். மூலதனம் 50 லட்சம். எனக்கு 40 பங்கு, அவருக்கு 60. டைரக்டர்கள் நான், மச்சான், அவர் மருமகன் மூணு பேர்.

போன ஞாயிறு எங்கள் களத்திலேயே உட்கார்ந்து பேசினோம். புதன்கிழமை அவர் ஆபீஸிலிருந்து மினிட்ஸ் என்று மூணு பக்கம் வந்தது. "இரண்டாவது லைனுக்கு 80 லட்சம் வங்கிக் கடன் வாங்கவும், பங்கு விகிதப்படி ஜாமீன் தரவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. முதல் தரப்பு கூடுதலாக 2 ஏக்கர் களம் 10 வருடத்துக்குத் தரும். மாதம் 60 டன் உற்பத்தியும் முதல் தரப்பின் பொறுப்பு. விற்பனையை இரண்டாம் தரப்பு பார்த்துக்கொள்ளும். கூடுதல் மூலதனம் 50 லட்சம் கொள்கை அளவில் ஏற்கப்பட்டது" என்று இருக்கிறது. நான் எல்லாத்துக்கும் "சரிங்க மச்சான், பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன். "முக்கிய முடிவுகள் இரு தரப்பு சம்மதத்தோடு எடுக்கப்படும்" என்று ஒரு வரி இருப்பதால் பயமில்லை என்கிறார் ஆடிட்டர். கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டால் போதும்தானே? வியாழக்கிழமை அந்த 2 ஏக்கரில் ஜல்லி வேறு இறக்கியிருக்கிறார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் கெட்டவர் இல்லை. சொந்தத்துக்குள் மனக்கசப்பு வரக்கூடாது என்றுதான் பார்க்கிறேன்.

— பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, "வரைவைப் பார்த்தேன், அதில் திருத்தங்கள் உண்டு, இப்போதுள்ள வடிவத்துக்கு என் ஒப்புதல் இல்லை" என்று ஒரு மெயில் மட்டும் உடனே போடச் சொல்லியிருந்தேன். போட்டுவிட்டீர்கள் என்று தெரிந்து நிம்மதியானேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கையெழுத்துப் போடாமல் இருப்பது பாதுகாப்பு இல்லை

நம்மூரில் பெரும்பாலோர் நினைப்பது போலத்தான் நீங்களும் நினைக்கிறீர்கள்: நான் கையெழுத்துப் போடாத காகிதம் என்னை என்ன செய்யும் என்று. கிரயப் பத்திரத்துக்கு அது சரி. மினிட்ஸுக்குச் சரியில்லை. நீங்கள் அனுப்பிய நகலின் தலைப்பைப் பாருங்கள். "டைரக்டர்கள் மற்றும் கூட்டாளிகள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு" என்று இருக்கிறது. இந்த "மற்றும்"தான் எனக்கு உறுத்துகிறது. டைரக்டர்கள் கூட்டம், அதாவது போர்டு மீட்டிங், என்றால் அதன் மினிட்ஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தக் கூட்டத்தின் தலைவரோ அடுத்த கூட்டத்தின் தலைவரோ மட்டும்தான். அதாவது உங்கள் மச்சான். உங்கள் கையெழுத்து அதற்குத் தேவையே இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 118-ஆம் பிரிவுப்படி, முறையாக எழுதி வைத்த மினிட்ஸ் அந்தக் கூட்டத்தில் நடந்ததற்குச் சாட்சியம். மறுப்பவர்தான் அது அப்படி நடக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். போர்டு மினிட்ஸ் வரைவைக் கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் எல்லா டைரக்டர்களுக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பிய 7 நாளுக்குள் டைரக்டர் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். இது கம்பெனிகளின் போர்டு கூட்டங்களுக்காக வகுத்திருக்கும் எஸ்எஸ்-1 என்ற தரநிலையில் இருக்கிறது. அதைப் பின்பற்றியாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆக, நீங்கள் நல்லெண்ணத்தோடு பேசாமல் இருந்த ஏழு நாள், காகிதத்தில் உங்கள் சம்மதமாக மாறியிருக்கும்.

"வெள்ளிக்கிழமை போன் பண்ணி ஞாயிற்றுக்கிழமை வா என்றார், இது போர்டு மீட்டிங்கே இல்லை" என்று நீங்கள் வாதாடலாம். போர்டு மீட்டிங்குக்குக் குறைந்தது 7 நாள் எழுத்து மூலமான அறிவிப்பு வேண்டும், அவசர வேலைக்குக் குறைந்த அவகாசத்தில் கூட்டவும் வழி உண்டு. வாதம் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். உங்கள் முதல் திருத்தம் தலைப்பிலேயே இருக்கட்டும்: "இது போர்டு மீட்டிங் அல்ல. கூட்டாளிகள் இருவரும் நடத்திய ஆலோசனையின் குறிப்பு. இரு தரப்பும் கையெழுத்திட்டால் மட்டுமே ஒத்துக்கொண்ட குறிப்பாகும்." இந்த வரி ஏற்கப்பட்டால் உங்கள் கையெழுத்துக்கு உண்மையிலேயே மதிப்பு வந்துவிடும்.

அப்புறம் அந்த "சரிங்க". எனக்கும் இதே மண்தான், சொல்கிறேன். நம் பக்கம் "சரிங்க" என்பது பாதி நேரம் "நீங்க சொல்றது காதுல விழுந்துச்சு" என்று மட்டுமே அர்த்தம். பெரியவர் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரிங்க, சரிங்க" போடுவது மரியாதை. "பார்க்கலாம்" என்பதோ பெரும்பாலும் நாசூக்கான மறுப்பு. மச்சான் ஆபீஸில் மினிட்ஸ் எழுதிய பையனுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் எழுத்தில் அதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது, "ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று போட்டுவிட்டார். சட்டத்தில் ஒரு யோசனைக்குச் சம்மதம் என்பது நிபந்தனையில்லாமல், முழுமையாக இருக்க வேண்டும். "பார்க்கலாம்" அப்படிப்பட்டது அல்ல. ஆனால் நாலு வருடம் கழித்து, களத்தில் அன்று காற்றோடு போன சொல் எது, காகிதத்தில் நிற்கும் சொல் எது என்று வந்தால், காகிதத்துக்குத்தான் பலம். ஆகவே இப்போதே திருத்துங்கள்.

எப்படித் திருத்துவது? இந்த மூன்று பக்கத்தில் மூன்று வகை விஷயங்கள் ஒரே அச்சில் வார்த்தது போலக் கலந்து கிடக்கின்றன. யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள் என்பது ஒன்று. இருவரும் சேராமல் முடிவெடுக்கக்கூடாத விஷயங்கள் எவை என்பது இரண்டாவது. பேசினோம், முடிவாகவில்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து எழுதினாலே பாதிச் சண்டை இல்லை.

யார் எதைத் தருவது

வரைவை மறுபடி படித்துப் பாருங்கள். உங்கள் தரப்பு கடமைகளுக்கெல்லாம் எண் இருக்கிறது: 2 ஏக்கர், 10 வருடம், 60 டன். மச்சான் தரப்புக்கு "விற்பனையைப் பார்த்துக்கொள்ளும்" என்ற ஒரே வரி, எண்ணே இல்லை. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர் அவர் ஆபீஸ் ஆள், அவருக்குத் தெரிந்த கோணத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் விளைவைப் பாருங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 29-ஆம் பிரிவு, அர்த்தம் நிச்சயமாகத் தெரியாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நாளைக்கு நீங்கள் 60 டன் தரவில்லை என்றால் அவர் உங்களைக் கேட்க முடியும். அவர் விற்கவில்லை என்றால் நீங்கள் எதை வைத்துக் கேட்பீர்கள்?

அதை இப்படி எழுதச் சொல்லுங்கள்: "கம்பெனி தயாரிக்கும் 5 கிலோ பித் கட்டிகளில் மாதம் இத்தனை டன்னை இரண்டாம் தரப்பு தன் ஏற்றுமதி நிறுவனத்தின் மூலமோ வேறு வாங்குபவர் மூலமோ எடுத்துக்கொள்ளும். உப்புத் தன்மையைக் காட்டும் இ.சி. அளவு வாங்குபவர் எழுத்தில் தரும் அளவுக்குள் இருக்க வேண்டும். மில் வாசலில் எடை போட்டு, இ.சி. பார்த்து, இரு தரப்பு ஆளும் கையெழுத்திட்ட சீட்டே முடிவானது. விலை இந்த அடிப்படையில், பணம் இத்தனை நாளில்." எண்களை நீங்கள் இருவரும் உட்கார்ந்து நிரப்புங்கள். இ.சி. எங்கே, எப்போது பார்ப்பது என்பதை விட்டுவிடாதீர்கள். மில்லில் சரியாக இருந்த சரக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு "உப்பு ஜாஸ்தி" என்று கழிவு போடுவதுதான் இந்தத் தொழிலில் உங்கள் தரப்புக்கு வரும் வழக்கமான அடி.

உங்கள் 60 டன்னுக்கும் நிபந்தனை வேண்டும். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் சாரல் விட்டு விட்டு அடிக்கும். பித் களத்தில் காயாது. கழுவிய பித் என்றால் இன்னும் மோசம். அந்த மாதங்களில் எவ்வளவு, மீதி மாதங்களில் எவ்வளவு என்று பிரித்தோ, அல்லது வருடக் கணக்காகவோ எழுதுங்கள். மழை, மின்தடை, மட்டை வரத்துக் குறைவு ஆகிய காரணங்களால் குறைந்தால் அது தவறாகாது என்றும் சேருங்கள். அதுவும் போக, உற்பத்தி என்பது கம்பெனியின் வேலை. அதை "முதல் தரப்பின் பொறுப்பு" என்று ஏன் தனி ஆளாக உங்கள் தலையில் வைக்க வேண்டும்? நீங்கள் மேற்பார்வை செய்வீர்கள் என்று எழுதுவது வேறு, உற்பத்திக்கு உத்தரவாதம் தருவீர்கள் என்று எழுதுவது வேறு.

2 ஏக்கர் களம் விஷயத்தில், மினிட்ஸில் எழுதியதாலேயே 10 வருடக் குத்தகை உண்டாகிவிடாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்த ஆவணத்தின் மூலம்தான் தர முடியும். அதற்காக அந்த வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். குத்தகை ஆகாவிட்டாலும், "தருவதாக வாக்களித்தார், அதை நம்பி நாங்கள் செலவு செய்தோம்" என்று அவர் சொல்ல அது இடம் தரும். நீங்கள் தர விரும்பினால், "வாடகை, காலம், முடித்துக்கொள்ளும் விதம் ஆகியவை குறித்துப் பதிவுக் குத்தகை எழுதிய பிறகே களம் கம்பெனி வசம் போகும்" என்று நிபந்தனை வையுங்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் இந்த விஷயம் இந்தப் பகுதியிலேயே வரக்கூடாது, முடிவாகாதவற்றின் பட்டியலுக்குப் போக வேண்டும்.

ஜாமீன் பற்றிய வரியில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "பங்கு விகிதப்படி ஜாமீன்" என்றால் வங்கி உங்களிடம் 40 சதவீதம்தான் கேட்கும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வங்கிக்கும் உங்கள் விகிதத்துக்கும் சம்பந்தமில்லை. ஜாமீன்தாரர்கள் எல்லோரிடமும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்று எழுதி வாங்குவதுதான் வங்கிகளின் வழக்கம். கம்பெனி கட்டவில்லையென்றால் 80 லட்சத்தையும் வட்டியோடு உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். தோப்பு உங்கள் பேரில் இருக்கிறது. கோவை ஆபீஸ் வாடகைக் கட்டடம் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கி முதலில் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கே தெரியும்.

விகிதம் என்பது நீங்கள் கட்டிய பிறகு உங்களுக்குள் பிரித்துக்கொள்வதற்கு மட்டும்தான். அதிலும் ஒரு நுணுக்கம். ஒன்றும் எழுதாமல் விட்டால், ஒப்பந்தச் சட்டம் 146-ஆம் பிரிவுப்படி சக ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கிட வேண்டும். பங்கு 40:60 என்பதை அந்தப் பிரிவு பார்க்காது. நீங்களும் மச்சானும் மட்டும் ஜாமீன் என்றால் உங்கள் பங்கு பாதி, 40 லட்சம். 40:60 என்று எழுதியிருந்தால் 32 லட்சம். அப்போது அந்த வரி உங்களுக்குச் சாதகம். ஆனால் மருமகனும் சேர்ந்து மூன்று பேர் ஜாமீன் என்றால், எழுதாமல் விட்டாலே உங்கள் பங்கு மூன்றில் ஒன்று, சுமார் 26.67 லட்சம். அப்போது அதே வரி உங்களுக்குப் பாதகம். அதனால் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கச் சொல்ல மாட்டேன். யார் யார் ஜாமீன், எவ்வளவு வரை, ஒருவர் அதிகம் கட்டினால் மற்றவர் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், அதற்கு எந்தச் சொத்து ஆதாரம் என்பதைத் தனி ஒப்பந்தமாக எழுதி, அது கையெழுத்தான பிறகுதான் வங்கிப் படிவத்தில் கையெழுத்து என்று நிபந்தனை போடுங்கள்.

"இரு தரப்பு சம்மதத்தோடு" என்ற ஒரு வரி

ஆடிட்டர் சொன்னது தப்பு என்று நேராகவே சொல்கிறேன். மினிட்ஸில் அப்படி ஒரு வரி இருப்பதால் உங்களுக்குத் தடுக்கும் உரிமை வந்துவிடாது. "முக்கிய முடிவு" எது என்று அதில் இல்லை. உங்கள் கம்பெனியின் விதிமுறைகளோ, ஆரம்பித்தபோது சட்டத்தின் அட்டவணையிலிருந்து எடுத்த மாதிரி விதிகள். அதில் உங்களுக்குத் தனியாக ஒன்றுமே இல்லை. கூட்டாளிகளுக்குள் எழுதிக்கொண்டது கம்பெனி விதிமுறையில் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றும் நீதிமன்றங்களில் காட்டுகிறோம். பங்கு விற்பதற்குக் குடும்பத்துக்குள் செய்துகொண்ட கட்டுப்பாடு விதிமுறையில் இல்லாததால் அது கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்றது அந்தத் தீர்ப்பு.

சட்டமே உங்களுக்குத் தரும் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். விதிமுறையை மாற்றுவது போன்ற பெரிய விஷயங்களுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு, ஆதரவான ஓட்டு எதிர் ஓட்டைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 60-க்கு 40 எதிர்த்தால் அது நிறைவேறாது. ஆனால் நீங்கள் பயப்படும் விஷயங்களுக்கு இந்தக் காவல் இல்லை. அளவுக்கு மேல் கடன் வாங்குவதற்கும், தொழிலையே விற்பதற்கும் சிறப்புத் தீர்மானம் கேட்கும் 180-ஆம் பிரிவிலிருந்து பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015-லேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கடனை போர்டே முடிவு செய்யலாம். போர்டில் அவர்கள் இரண்டு, நீங்கள் ஒன்று.

கூடுதல் மூலதனம் இதைவிட ஆழமான விஷயம். "கொள்கை அளவில் ஏற்கப்பட்டது" என்ற அந்த 50 லட்சத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய பங்குதாரர்களுக்கே விகிதப்படி புதுப் பங்கு தருவதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவையில்லை. 50 லட்சத்தில் உங்கள் பங்குக்கு 20 லட்சம், அவர் பங்குக்கு 30 லட்சம் வரும். குறித்த நாளுக்குள் உங்களால் 20 லட்சம் கட்ட முடியவில்லை, அவர் தன் 30-ஐ மட்டும் கட்டினார் என்று வையுங்கள். மொத்தம் 80 லட்சம், அதில் உங்களது 20. அதாவது 25 சதவீதம். 75-க்கு 25 என்றால் சரியாக மூன்று மடங்கு, சிறப்புத் தீர்மானம் நிறைவேறிவிடும். நீங்கள் எடுக்காத பங்கையும் போர்டு அவருக்கே கொடுத்தால் மொத்தம் 1 கோடியில் உங்களது 20 சதவீதம். உங்களைக் கேட்காமலே விதிமுறையை மாற்றலாம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, ஒரு மோசடியும் நடக்கவில்லை. பணம் கட்ட முடியாத ஒரு மாதத்தில் உங்கள் கையிலிருந்த ஒரே சாவி போய்விடும். பங்கைக் குறைக்கும் நோக்கத்தோடுதான் செய்தார்கள் என்று காட்ட முடிந்தால் சென்னையில் உள்ள கம்பெனிகள் தீர்ப்பாயத்தில் அடக்குமுறை மனு போடலாம், 10 சதவீதம் இருந்தாலே போதும். ஆனால் அது வருடக்கணக்கில் இழுக்கும். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்தியில் உட்கார முடியாத நிலைக்கு அது கொண்டுபோய் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, மினிட்ஸில் அந்தப் பொதுவான வரிக்குப் பதிலாக, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே செய்ய வேண்டியவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். முப்பது விஷயம் போடாதீர்கள். டீசல் வாங்கவும் கையெழுத்து என்றால் கம்பெனி நின்றுவிடும். உங்கள் கம்பெனிக்கு இவை போதும் என்று எனக்குப் படுகிறது: ஒரு தொகைக்கு மேல் கடனும் அடமானமும், புதுப் பங்கு வெளியீடு, மச்சானின் சொந்த ஏற்றுமதி நிறுவனத்துக்கு விற்கும் விலையும் தவணையும், மில்லையோ இயந்திரத்தையோ விற்பதும் குத்தகைக்கு விடுவதும், டைரக்டர்கள் சம்பளம், டைரக்டர் எண்ணிக்கையை மாற்றுவது. மூன்றாவதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனியின் விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள் என்னும்போது, நாளைக்கு எல்லாச் சண்டையும் அங்கேதான் வந்து நிற்கும்.

சம்மதம் எப்படிக் கேட்பது, எத்தனை நாளில் பதில் சொல்வது என்றும் எழுதுங்கள். "மெயிலில் கேட்ட 10 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே பொருள்" என்று ஒரு வரி இருந்தால், உங்கள் "பார்க்கலாம்" இனி யாரையும் குழப்பாது. மச்சானுக்கும் இது நல்லது. அவருக்கும் காத்திருக்க ஒரு கெடு கிடைக்கிறது.

இவ்வளவும் எழுதினாலும் மினிட்ஸ் ஒரு படிதான். அதிலேயே ஒரு கடமையாக இதையும் சேர்த்துவிடுங்கள்: இந்தப் பட்டியலைக் கூட்டு முயற்சி ஒப்பந்தத்திலும் கம்பெனி விதிமுறையிலும் இத்தனாம் தேதிக்குள் ஏற்றுவது, அதுவரை பட்டியலில் உள்ள எதையும் செய்வதில்லை. எல்லாப் பங்குதாரரும் சம்மதித்தால், சிறப்புத் தீர்மானத்தைவிடக் கடினமான நிபந்தனையைக்கூட பிரைவேட் கம்பெனி விதிமுறையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் பங்குதாரர்கள் இரண்டே பேர். இருவரும் மனது வைத்தால் தீர்மானம் போட்டு, கோவையில் உள்ள கம்பெனிப் பதிவாளருக்கு எம்.ஜி.டி. 14 படிவத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்தால் வேலை முடிந்தது. போர்டு மீட்டிங் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில் உங்கள் தரப்பு டைரக்டர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதையும் அதே கையோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

முடிவாகாததை முடிவாகாததாகவே எழுதுங்கள்

"கொள்கை அளவில் ஏற்கப்பட்டது" என்ற சொற்றொடரை எங்கே பார்த்தாலும் பேனாவை எடுங்கள். எவ்வளவு, எப்போது, எந்த விலையில், கட்டாவிட்டால் என்ன என்று ஒன்றும் முடிவாகாதபோது "ஏற்கப்பட்டது" என்று சொல்ல என்ன இருக்கிறது? இந்தச் சொல் பேசியவர்களின் சங்கடத்தை மறைக்கத்தான் உதவுகிறது. பிறகு ஒருவர் அதை "ஏற்கப்பட்டது" என்று படிப்பார், இன்னொருவர் "கொள்கை அளவில்தானே" என்று படிப்பார்.

முடிவாகாததை எழுதினால் உறவு கெடும் என்று விட்டுவிடவும் வேண்டாம். எழுதாமல் விட்டால், அது பேசப்படவே இல்லை என்றோ, எதிர்ப்பில்லாமல் முடிந்தது என்றோ ஆகிவிடும். உங்கள் கூடுதல் மூலதனம் இப்படி இருக்கட்டும்:

"கூடுதல் மூலதனம் பற்றிப் பேசப்பட்டது. முடிவாகவில்லை. இரண்டாவது லைனுக்குப் பங்குதாரர்களே 50 லட்சம் போட வேண்டும் என்பது இரண்டாம் தரப்பின் நிலை. முதல் லைனின் ஒரு முழு வருடக் கணக்கைப் பார்த்த பிறகே சொல்ல முடியும், அதுவரை தன் பங்கு விகிதம் குறையக்கூடாது என்பது முதல் தரப்பின் நிலை. தணிக்கை செய்த கணக்கையும் இயந்திர விலைப்புள்ளியையும் இரண்டாம் தரப்பு இத்தனாம் தேதிக்குள் தரும். அடுத்த கூட்டம் இந்தத் தேதியில். அதுவரை புதுப் பங்கு வெளியிடுவதில்லை."

இதில் கடைசி வரிதான் உங்களுக்கு முக்கியம். முடிவாகாத ஒவ்வொரு விஷயத்துக்கும், முடிவாகும் வரை நிலைமை எப்படி இருக்கும் என்று ஒரு வரி வேண்டும். அது இல்லாத பட்டியல் வெறும் ஞாபகக் குறிப்புத்தான். உங்கள் நிலை என்று நான் எழுதியது உங்கள் கடிதத்திலிருந்து நான் ஊகித்தது. அதை உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள். மச்சானின் நிலையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அவர் படிக்கும்போது "ஆமா, நான் இதைத்தான் சொன்னேன்" என்று தோன்ற வேண்டும்.

சிலர் பாதுகாப்புக்கென்று, "இந்தக் குறிப்பில் உள்ள எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சரக்கும் அதோடு போய்விடும். முடிவாகாத பகுதிக்கு மட்டும், "இவற்றைப் பேசியதால் எந்தத் தரப்பின் உரிமையும் பாதிக்கப்படாது" என்று போட்டால் போதும்.

அனுப்பும் கடிதம்

திருத்தங்களை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகச் சொல்லாதீர்கள். மெயிலில், மூன்று டைரக்டர்களுக்கும், ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். ஆனால் மெயில் போவதற்கு முன்னால் மச்சானுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். சொந்தக்காரர் எழுத்தில் கணக்குக் கேட்கிறார் என்று மெயிலைத் திறந்து தெரிந்துகொள்வது யாருக்கும் வலிக்கும். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"வணக்கங்க மச்சான். ஞாயிற்றுக்கிழமை பேசினதை எழுதி அனுப்பினதுக்கு நன்றி. நான் அன்னைக்குச் சொன்னதும் வரைவில் இருப்பதும் சில இடத்தில் வேறாக இருக்கிறது. கடன், ஜாமீன், 2 ஏக்கர் களம், கூடுதல் மூலதனம் இந்த நாலுக்கும் நான் சம்மதம் சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். திருத்திய குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்க பார்த்துட்டு மாற்றம் இருந்தா சொல்லுங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட குறிப்பில் கையெழுத்துப் போட்டுக்கலாம். இதை போர்டு மினிட்ஸாகப் புத்தகத்தில் ஏற்றுவதாக இருந்தால், மேலே சொன்ன நாலிலும் என் மறுப்பைப் பெயரோடு பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

மறுத்த டைரக்டரின் பெயரை போர்டு மினிட்ஸில் குறிக்க வேண்டும் என்பது விதி. தலைப்பை அவர்கள் மாற்ற மறுத்தாலும் அந்தக் கடைசி வாக்கியம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அந்த ஜல்லியை மறக்கவில்லை. வாயால் சம்மதிக்காததை நடத்தையால் சம்மதித்ததாக ஆகிவிடக்கூடிய இடம் அதுதான். இப்போது குவியலாகக் கிடக்கிறது என்றால், தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அதே மெயிலில் இணையுங்கள். "ஜல்லி இறக்கியிருப்பதைப் பார்த்தேன். குத்தகை எழுதும் வரை பரப்ப வேண்டாம், தளம் போட வேண்டாம். அங்கேயே இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. களம் பேசி முடியாவிட்டால் கம்பெனி செலவில் எடுத்துக்கொள்ளட்டும்" என்று எழுதுங்கள். ரோலர் வருகிறது என்று தோட்டத்து ஆள் சொன்னால் அன்றைக்கே இன்னொரு மெயில் போடுங்கள். வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவருக்கு இதில் ஒன்றும் இல்லை.